நிலையான சொத்துப் பதிவேடு 2024/25: கொள்வனவு இன்வொய்ஸ்களிலிருந்து எடுத்த விபரமும் குறிப்புகளும்

கணக்காய்வுக் குழுவினருக்கும், அடுத்த ஆண்டு இந்தப் பதிவேட்டைத் தொடரப்போகும் நமது கணக்குப் பிரிவினருக்கும்.

01.04.2024 முதல் 31.03.2025 வரை கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு வாங்கிய நிலையான சொத்துகள் எல்லாவற்றையும், அவற்றின் இன்வொய்ஸ்களையும் துணைப் பற்றுச்சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீழே பதிந்திருக்கிறேன். தொகைகள் இலங்கை ரூபாவில். தேய்வு எல்லாவற்றுக்கும் நேர்கோட்டு முறையில், நாள் கணக்கில், 365 நாட்களுக்குப் பார்க்கப்பட்டுள்ளது.

| இலக்கம் | சொத்து | இன்வொய்ஸ் திகதி | பயன்பாட்டுக்குத் தயாரான திகதி | கிரயம் | எச்சப் பெறுமதி | ஆயுள் (ஆண்டு) | 2024/25 தேய்வு |
|---|---|---|---|---|---|---|---|
| 24-01, 24-02 | வடிவமைப்புக் கணினிகள் 2 | 14.05.2024 | 20.05.2024 | 600,000 | 0 | 4 | 129,863 |
| 24-03, 24-04 | ஏசி 2 | 21.06.2024 | 24.06.2024 | 580,000 | 0 | 8 | 55,815 |
| 24-05 முதல் 24-08 | வேலை மேசைகள் 4 | 30.07.2024 | 30.07.2024 | 216,000 | 0 | 8 | 18,123 |
| 24-09 | ஓஃப்செட் அச்சு இயந்திரம் | 09.08.2024 | 01.10.2024 | 8,950,000 | 950,000 | 10 | 398,904 |
| 24-09அ | அதன் ரோலர் தொகுதி | 09.08.2024 | 01.10.2024 | 600,000 | 0 | 3 | 99,726 |
| 24-10 | சிறிய லொறி (பாவித்தது) | 18.11.2024 | 02.12.2024 | 4,800,000 | 1,800,000 | 6 | 164,384 |
| 24-11 | ஜெனரேட்டர் 45 கேவிஏ | 22.01.2025 | 03.02.2025 | 3,350,000 | 350,000 | 10 | 46,849 |
| | மொத்தம் | | | 19,096,000 | | | 913,664 |

31.03.2025 இல் இவற்றின் தேறிய ஏட்டுப் பெறுமதி 18,182,336.

திகதிக்கு ஏன் இரண்டு பத்தி என்று கேட்பீர்கள். இந்தப் பதிவேட்டில் நான் மிகவும் கவனமாக இருந்த இடம் அதுதான். LKAS 16 இன்படி, ஒரு சொத்து நாம் நினைத்த வேலையைச் செய்யக்கூடிய இடத்திலும் நிலையிலும் வந்து நிற்கும் நாளிலிருந்தே தேய்வு தொடங்குகிறது. இன்வொய்ஸ் எழுதிய நாளுக்கும் காசு கட்டிய நாளுக்கும் அதில் பங்கில்லை. கணினிக்கு ஆறு நாள் வித்தியாசம், அது பெரிதாகத் தெரியாது. அச்சு இயந்திரத்தில் 53 நாள். இன்வொய்ஸ் திகதியைப் பிடித்திருந்தால் இந்த ஆண்டு இலாபத்தில் 145,000 ரூபாவுக்கு மேல் வீணாகக் குறைந்திருக்கும்.

அச்சு இயந்திரம்

முகவரின் இன்வொய்ஸில் இயந்திரத்தின் விலை 9,400,000, வியாபாரக் கழிவு 400,000, இயக்குநர் பயிற்சிக் கட்டணம் 60,000, வற் 18 சதவீதம் 1,630,800, மொத்தம் 10,690,800 என்று இருக்கிறது. இந்த மொத்தத்தை அப்படியே சொத்துக் கணக்கில் போடக் கூடாது. வற்றை நாம் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறுகிறோம், ஆகவே அது கிரயத்தில் சேராது. பயிற்சிக் கட்டணமும் சேராது; ஆளைப் பழக்குவது அந்த ஆண்டின் செலவு. கழிவைக் கழித்தால் மிஞ்சுவது 9,000,000.

அதோடு நான்கு தனிப் பற்றுச்சீட்டுகள் சேர்கின்றன: கிரேனும் ஏற்றுகூலியும் 85,000, கொங்கிரீட் அடித்தளம் 240,000, மூன்று பேஸ் வயரிங் 175,000, சோதனை ஓட்டத்துக்குப் போன கடதாசியும் மையும் 50,000. இவை இல்லாமல் இயந்திரம் ஓடியிருக்காது, எனவே இவையும் கிரயமே. மொத்தம் 9,550,000. இந்த நான்கும் பேரேட்டில் பராமரிப்பு, போக்குவரத்து, மூலப்பொருள் என்று மூன்று கணக்குகளில் சிதறிக் கிடந்தன. இயந்திரக் கோப்பில் இருந்த இன்வொய்ஸை மட்டும் பார்த்துப் பதிந்திருந்தால் ஐந்தரை இலட்சம் வெளியே நின்றிருக்கும். ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களின் சில்லறைக் காசு வவுச்சர்களையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் எல்லாம் ஓரிடத்துக்கு வந்தது.

இயந்திரம் 27.08.2024 அன்று வந்து இறங்கியது. அடித்தளம் காய்ந்து, வயரிங் முடிந்து, 30.09.2024 அன்று நான்கு வர்ணச் சோதனைத் தாளில் அச்சுப் பிரிவுப் பொறுப்பாளரும் முகவரின் தொழில்நுட்பவியலாளரும் கையெழுத்து வைத்தார்கள். அடுத்த நாளை, அதாவது 01.10.2024 ஐ, தயாரான நாளாக எடுத்திருக்கிறேன். அந்தச் சோதனைத் தாளே அதற்கான ஆதாரம். மடித்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

ரோலர் தொகுதியைத் தனியாகப் பிரித்ததை நீங்கள் கேள்வி கேட்கக்கூடும். இயந்திரத்தின் உடல் பத்து ஆண்டு உழைக்கும். மை உருட்டும் ரோலர்கள் அவ்வளவு காலம் தாங்காது. நம்மிடம் இருக்கும் பழைய இயந்திரத்தில் மூன்றாம் ஆண்டளவில் மாற்ற வேண்டி வருகிறது. கிரயத்தில் குறிப்பிடத்தக்க பகுதி, ஆயுளும் வேறு என்றால் அதைத் தனியே தேய்க்கச் சொல்கிறது நியமம். முகவரிடம் கேட்டு ரோலர் தொகுதியின் விலையை 600,000 என்று எழுத்தில் வாங்கினேன். 2027 இல் புதிய தொகுதி போடும்போது பழையதைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, புதியதைப் புதுச் சொத்தாகச் சேர்க்க வேண்டும். அந்தச் செலவைப் பராமரிப்புக்குள் தள்ளிவிட வேண்டாம். ரப்பர் பிளாங்கெட் மட்டும் நுகர்பொருள், அது அடிக்கடி மாறும்.

இன்னொன்று. இன்வொய்ஸில் உள்ள தொடர் இலக்கத்தை இயந்திரத்தோடு ஒப்பிட, தாள் ஊட்டும் பகுதியின் பின்புறத் தகட்டை டோர்ச் அடித்துப் பார்த்தோம். கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. முகவர் திருத்தக் கடிதம் தந்துவிட்டார், இன்வொய்ஸோடு இணைத்திருக்கிறேன். தீ காப்புறுதிக் கோரிக்கை என்று ஒரு நாள் வந்தால் இந்த இரண்டு இலக்கங்களே பெரிய தடையாக நின்றிருக்கும். ஆகையால் பதிவேட்டில் ஏறும் தொடர் இலக்கம் எப்போதும் இயந்திரத் தகட்டிலிருந்து எழுதியதாக இருக்கட்டும்.

தேய்வை அச்சிடும் தாள்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கலாமே என்று அச்சுப் பிரிவில் கேட்டார்கள். நல்ல யோசனைதான், இயந்திரத்தில் எண்ணியும் இருக்கிறது. ஆனால் அதன் மொத்த ஆயுளில் எத்தனை தாள் அடிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த மதிப்பீடு கையில் இல்லாமல் அந்த முறைக்குப் போக எனக்கு மனமில்லை. இரண்டு ஆண்டு எண்ணிக்கையைப் பதிந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மாதக் கடைசி நாளில் எண்ணியைக் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன்.

லொறி

வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் வாங்கியதால் பாவித்த லொறிதான் கிடைத்தது, அதுவும் தனியாளிடமிருந்து. எனவே வரி இன்வொய்ஸ் இல்லை. விற்பனை உடன்படிக்கை, வங்கி வரைவின் பிரதி, நமது பெயருக்கு மாற்றிய பதிவுப் புத்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஆதாரம். விலை 4,600,000, உரிமை மாற்றக் கட்டணங்கள் 35,000. பிரேக் சரியில்லாமல் ஓட்ட முடியாத நிலையில் வந்ததால் பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கிப் பூட்டியதற்கு 165,000. ஓடும் நிலைக்குக் கொண்டுவரச் செய்த முதல் திருத்தம் என்பதால் அதைக் கிரயத்தில் சேர்த்திருக்கிறேன். இனிமேல் மாற்றும் பிரேக் பாகங்கள் வழக்கமான பராமரிப்பு. காப்புறுதித் தவணையும் வருமான உத்தரவுப் பத்திரக் கட்டணமும் ஆண்டுச் செலவுகள், அவை இங்கே இல்லை.

எச்சப் பெறுமதி 1,800,000 என்பது கூடுதலாகத் தெரியலாம். பாவித்த லொறிகளின் இன்றைய சந்தை விலையைப் பார்த்தால் ஆறு ஆண்டுக்குப் பிறகும் அந்த அளவு கிடைக்கும் என்பது என் கணிப்பு. இறக்குமதி மீண்டும் திறந்திருப்பதால் அந்த விலைகள் இறங்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு மார்ச் மாதமும் முதலில் மறுபார்வை செய்ய வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஜெனரேட்டர்

இன்வொய்ஸில் ஜெனரேட்டர் 3,200,000, பொருத்தும் கூலி 150,000, வற் 603,000, மொத்தம் 3,953,000. கிரயம் 3,350,000. முதல் நிரப்பலுக்கு வாங்கிய டீசல் எரிபொருள் செலவு. பொருத்திய பிறகு மார்ச் முடியும்வரை, பெப்ரவரியில் வந்த மின்வெட்டுக்கும் சோதனைக்கும் தவிர அது ஓடவேயில்லை. ஓடாத நாட்களுக்கும் ஏன் தேய்வு என்று முதலாளி கேட்டார். சும்மா நின்றாலும் தேவைப்பட்ட நொடியில் ஓடத் தயாராக நிற்கிறது, காலமும் அதைப் பழசாக்குகிறது. எனவே 03.02.2025 முதல் 57 நாளுக்குத் தேய்வு போட்டிருக்கிறேன்.

மற்றவை

கணினி இன்வொய்ஸ் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாக் கடையுடையது. அதில் வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஓராண்டுச் சந்தா 24,000 உம் சேர்ந்திருந்தது. அதைச் செலவுக்கு மாற்றினேன். ஏசிக்கான பற்றுச்சீட்டு வெப்பத் தாளில் அடித்தது, இப்போதே எழுத்து மங்குகிறது. போட்டோக்கொப்பி எடுத்து மூலத்தோடு பின் பண்ணியாயிற்று. மேசைகள் மொரட்டுவையில் வாங்கியவை, கையால் எழுதிய பில், வற் இல்லை. அதே பில்லில் உள்ள ஸ்டூல்கள் ஒன்று 3,500 தான். 25,000 ரூபாவுக்குக் குறைந்த பொருளை நாம் சொத்தாக எடுப்பதில்லை என்பதால் அவை செலவு.

கணிப்பு வாய்பாடு

விரிதாளில் E பத்தி தயாரான திகதி, F கிரயம், G எச்சப் பெறுமதி, H ஆயுள். இந்த ஆண்டுக்கான வாய்பாடு:

```
=ROUND((F5-G5)/H5*(DATE(2025,3,31)-E5+1)/365,0)
```

கடைசியில் உள்ள +1 ஐ அழித்துவிடாதீர்கள், தயாரான நாளும் ஒரு நாளாக எண்ணப்பட வேண்டும். இது வாங்கிய ஆண்டுக்கு மட்டுமான வாய்பாடு. அடுத்த ஆண்டு இந்த வரிகளுக்கு முழு ஆண்டுத் தேய்வு வரும். கடைசி ஆண்டில் திரண்ட தேய்வு, தேய்க்கக்கூடிய தொகையைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். 2027/28 இல் பெப்ரவரி 29 வருவதால், அந்த ஆண்டில் சேரும் புதிய சொத்துகளுக்கு 366 ஆல் வகுக்கவும்.

வரிக்கான மூலதனப் படிகள் இந்தப் பதிவேட்டில் இல்லை. 2017 இன் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தன் வகுப்புகளுக்குத் தானே ஆண்டுகளை நிர்ணயிக்கிறது. கணினி, அலுவலகத் தளபாடம், சரக்கு வாகனம் ஆகியவற்றுக்கு 5 ஆண்டு. நாம் மதிப்பிட்ட 4, 8, 6 அங்கே செல்லாது. அதற்கான தாள் வேறு, இரண்டுக்கும் பொதுவானது சொத்து இலக்கம் மட்டுமே.

31.03.2024 க்கு முன் வாங்கிய இயந்திரங்கள் இன்னும் பேரேட்டில் ஒரே தொகையாகக் கிடக்கின்றன. எது எந்த ஆண்டு வந்தது, எது விற்றுப்போனது என்று அந்தத் தொகையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவற்றின் பழைய இன்வொய்ஸ்கள் மேல்மாடி அலுமாரியில் ஆண்டு வாரியாக இருக்கின்றன. இதே அமைப்பில் அவற்றையும் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். வெட்டும் இயந்திரமும் பழைய ஓஃப்செட்டும் முதலில். கணக்காய்வுக் குழு வரும்போது 24-01 முதல் 24-11 வரையான மூலப் பத்திரங்கள் அதே இலக்க வரிசையில் பச்சைக் கோப்பில் இருக்கும். சொத்துகளில் அதே இலக்கம் ஒட்டியிருக்கிறது, ரோலர் தொகுதிக்கு மட்டும் இயந்திரத்தின் இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பிரிவு, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13