வேலம்பாளையம் லைன் வீடு, கடை – வாடகை வாரக் கணக்கு (11.10.2025, சனி)

பெரியப்பா, இன்னைக்கு ராத்திரி 9 மணி வரைக்கும் வந்தது எல்லாம் இதுல இருக்குங்க. செப்டம்பர் மாச வாடகை கணக்கு இது, வீட்டுக்கு 5-ம் தேதி கெடு, கடைக்கு 10-ம் தேதி. போன வாரம் நீங்க போன் பண்ணி "யாரு யாரு பாக்கின்னு மட்டும் சொல்லு, கதை வேண்டாம்"னீங்க, ஆனா இந்த வாரம் கொஞ்சம் கதை இருக்கு, தீபாவளி 20-ம் தேதி திங்கக்கிழமை வருது, 18 சனிக்கிழமை சம்பளமும் போனஸும் வாங்கிட்டு பாதி திருப்பூர் பஸ் ஏறிடும், அதுக்குள்ள வாங்கறதை வாங்கலைன்னா அப்புறம் மாசக் கடைசிதான்.

| எண் | யாரு | வாடகை | பழைய பாக்கி | வந்தது | தேதி | பாக்கி |
|---|---|---|---|---|---|---|
| 1 | செக்கிங் அக்கா வீடு | 4,200 | - | 4,200 | 4 | 0 |
| 2 | பீகார் பசங்க | 4,200 | - | 4,200 | 5 | 0 |
| 3 | கைமடி பாட்டி | 3,800 | - | 3,800 | 1 | 0 |
| 4 | தேனிக்காரங்க (வாரத் தவணை) | 4,200 | - | 2,100 | 4, 11 | 2,100 |
| 5 | டெய்லர் குடும்பம் | 4,200 | 1,700 | 0 | - | 5,900 |
| 6 | அயர்னிங் அண்ணன் | 3,800 | - | 3,800 | 6 | 0 |
| 7 | புதுசா கல்யாணம் ஆனவங்க | 4,200 | - | 2,000 | 9 | 2,200 |
| 8 | காலி | - | - | - | - | - |
| 9 | மாடி, மெர்ச்சண்டைசர் | 9,500 | - | 9,500 | 3 | 0 |
| கடை 1 | பேக்கரி | 8,000 | - | 8,000 | 7 | 0 |
| கடை 2 | செல்போன் கடை | 7,500 | 3,500 | 0 | - | 11,000 |
| மொத்தம் | | 53,600 | 5,200 | 37,600 | | 21,200 |

வரவேண்டியது 58,800-ல வந்தது 37,600. இந்த வாரம் மட்டும் வந்தது 19,050. பாக்கி 21,200-ன்னு பாத்ததும் பதறாதீங்க, அதுல 4-ம் நம்பரோட 2,100 பேச்சுப்படி தவணைல வர்றது, அது லேட் இல்ல. நிஜமா லேட்னா 19,100 தான், அதுவும் மூணு பேரு மட்டும்.

உங்க ஜிபேல நேரா விழுந்தது 2, 9, பேக்கரி மூணும் சேர்த்து 21,700, பேங்க்ல ஒரு தடவை பாத்துக்குங்க. என் கையில ரொக்கமா வந்தது 15,900. அதுல மோட்டர் ஸ்டார்டர் மாத்தினது 1,350, செப்டிக் டேங்க் லாரி 2,500, வாசல் கூட்டறவங்களுக்கு 600, ஆக 4,450 போச்சு. மிச்சம் 11,450 என்கிட்ட இருக்கு. லாரிக்காரன் மொதல்ல 3,000 கேட்டான், பக்கத்து காம்பவுண்டுக்கும் அதே நாள் வந்தான், ரெண்டு லோடா பேசி குறைச்சேன்.

லேட் ஆனவங்க

கடை 2. மொதல்ல இவர்தான், 11,000. ஆகஸ்ட்டுக்கு செக் குடுத்தாரு, பணம் இல்லாம திரும்பி வந்துச்சு, அப்புறம் கையில 4,000 குடுத்தாரு, மீதி 3,500 இன்னும் நிக்குது, இப்ப செப்டம்பர் 7,500. 10-ம் தேதி சாயங்காலம் கடைக்கு போனேன், கடைல கால் வைக்க இடமில்ல, புது போன் பெட்டி சீலிங் வரைக்கும் அடுக்கி வெச்சிருக்காரு, ரெண்டு பசங்க டெம்பர் கிளாஸ் ஒட்டிட்டே இருக்காங்க, இவரு என்னைப் பாத்ததும் "தம்பி, எல்லாம் ஸ்டாக்குல போட்டுட்டேன், தீபாவளி முடியட்டும்"ங்கறாரு. யாவாரம் ஓடற ஆளு, நம்ம வாடகைல ஸ்டாக் எடுத்து ஓட்டறாரு, எனக்கு அப்படித்தான் தோணுச்சு. நின்னு பேசி 16-ம் தேதி வியாழக்கிழமை 4,000, 27-ம் தேதி 7,000-ன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டேன், போட்டோ உங்களுக்கு அனுப்பிருக்கேன். அட்வான்ஸ் 30,000 நம்மகிட்ட இருக்கு, அதனால பயமில்ல, ஆனா நவம்பர் 30-ல 11 மாச அக்ரிமெண்ட் முடியுது, பாக்கி பைசா சுத்தமாகாம புது அக்ரிமெண்ட் பேசவே கூடாதுங்கறது என் கருத்து. இனி செக்கும் வேண்டாம்.

5-ம் நம்பர். 5,900. இவங்களைப் பத்தி நீங்க போன்ல கோவமா பேசினீங்க, தண்ணி லைனை அடைச்சு விடுன்னீங்க, அதை நான் செய்யலைங்க. ஒண்ணு, 2017 வாடகை சட்டப்படி பாக்கி இருக்குன்னு தண்ணி, கரண்டை நிறுத்தக் கூடாது, புகார் குடுத்தா நமக்குத்தான் அலைச்சல். இன்னொண்ணு, நான் நேர்ல பாத்துட்டு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு போறேன், ரெண்டு பேரும் வீட்லயே இருக்காங்க. சீசன்ல அந்த நேரத்துக்கு ஒன்றரை ஷிப்ட் போய்ட்டு 8 மணிக்கு மேலதான் வருவாங்க, வீடு பூட்டியே கிடக்கும், உங்களுக்கே தெரியும். அந்தக்கா ஒண்ணுமே பேசல, டிவி மேல இருந்த சம்பளக் கவரை எடுத்து நீட்டுச்சு. மேல பேனால வாரத்துக்கு 3 ஷிப்ட்னு எழுதிருக்கு, உள்ள 1,650. ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்காக்காரன் 50 சதம் வரி போட்டான்ல, இவங்க கம்பெனி முழுக்க அமெரிக்கா ஆர்டர்தான், ஆர்டரு நின்னு கிடக்குது. உள்ளூர் டீசர்ட் பண்ற கம்பெனில இருக்கற 6-ம் நம்பர் அண்ணன் ஒரு நாள் லேட்டா மொத்தமும் குடுத்துட்டாரு, அதே லைன்ல நாலடி தள்ளி இவங்க இப்படி.

ஏழு வருசமா இருக்காங்க, கொரோனா சமயத்துல கூட ரெண்டு மாசம் லேட் பண்ணி அப்புறம் முழுசா அடைச்சவங்க. அட்வான்ஸ் 15,000 இருக்கு, பாக்கி அதுல பாதி கூட ஆகல. 18-ம் தேதி போனஸ் வந்ததும் 2,500 தர்றேன்னாங்க, மீதி 3,400 நவம்பர்ல. போனஸ் எவ்வளவு வரும்னு அவங்களுக்கே தெரியல, அதனால 2,500-ஐ நான் எழுதி வெச்சிருக்கேனே தவிர நம்பி செலவு போடல. அவங்க வீட்டு ஈபி கார்டும் கட்டாம இருக்கு, ஆன்லைன்ல பாத்தேன், கெடு 27. அதை மொதல்ல கட்டச் சொன்னேன், பீஸைப் புடுங்கிட்டா மறுபடி கனெக்‌ஷன் வாங்க எக்ஸ்ட்ரா காசு. வாடகைக்கு முன்னாடி அதைக் கட்டச் சொன்னதுக்கு என்னைத் திட்டாதீங்க.

7-ம் நம்பர். 2,200 பாக்கி. ஆடில கல்யாணம் தள்ளிப்போய் ஆவணில முடிஞ்சு வந்தவங்க, கட்டில் பீரோன்னு தவணைல வாங்கிக் கெடக்குறாங்க. 15-ம் தேதி புதன்கிழமை பையன் கம்பெனில போனஸ் குடுக்கறாங்க, அன்னைக்கே தர்றேன்னான். மொதல் தீபாவளி, 17-ம் தேதி மாமனார் வீட்டுக்கு கிளம்பறாங்க, அதுக்குள்ள வாங்கிடணும். 16 காலைல நானே போயிடுவேன்.

இனி வர்றது

12-ல இருந்து 18 வரைக்கும்: 15 புதன் 7-ம் நம்பர் 2,200. 16 வியாழன் கடை 2, 4,000. 18 சனி 4-ம் நம்பர், இவங்க சனிக்கு 1,050 குடுக்கறவங்க, ஆனா அன்னைக்கு ராத்திரியே தேனி பஸ் ஏறாங்க, 25-ம் தேதி தவணையும் சேர்த்து 2,100 குடுத்துட்டுப் போறோம்னு அவங்களாவே சொன்னாங்க. 18-லயே 5-ம் நம்பர் 2,500. எல்லாம் சொன்னபடி வந்தா 10,800.

19-ல இருந்து 25 வரைக்கும் வாடகை ஒண்ணும் கிடையாது, லைன்ல பாட்டியும் மாடிக்காரரும்தான் இருப்பாங்க. 24 வெள்ளிக்கிழமை 8-ம் நம்பருக்கு புதுசா வர்றவங்க பால் காய்ச்சறாங்க. புரட்டாசில குடி வர யாரும் ஒத்துக்கல, மூணு பேரு வந்து பாத்துட்டு ஐப்பசி பொறக்கட்டும்னு போனாங்க, இவங்கதான் டோக்கன் 2,000 குடுத்தாங்க, அது தனிக் கவர்ல இருக்கு, மேல சொன்ன 11,450-ல சேராது. வாடகை 4,500-ன்னு பேசிருக்கேன், அட்வான்ஸ் 20,000, டோக்கன் போக 18,000 அன்னைக்கு வரும். நவம்பர் 1-ல இருந்து வாடகை, அதனால மொத வாடகை கைக்கு வர்றது டிசம்பர் 5. சுண்ணாம்பு அடிக்கற செலவு 2,200 ஆகும், அடுத்த வாரக் கணக்குல வரும்.

26-க்கு மேல: 27 திங்கள் கடை 2, 7,000. அதே நாள் பொது மோட்டர், வாசல் லைட் ஈபி பில் 1,140 கட்ட கெடு, நான் 20-க்குள்ளயே கட்டிடறேன். 31 வெள்ளிக்குள்ள சொத்து வரி ரெண்டாம் அரையாண்டு 6,240, அதுக்குள்ள கட்டினா 5 சதம் கழிவு, 312 மிச்சம், 5,928 கட்டினா போதும். போன தடவை மே மாசம் கட்டி அந்தக் கழிவை விட்டோம், இந்தத் தடவை என் கையில இருக்கற ரொக்கத்துல இருந்தே கட்டிடட்டுமா, நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.

நவம்பர் 5 கெடுல ஒரு சிக்கல். பீகார் பசங்க மூணு பேரும் 19-ம் தேதி ட்ரெயின்ல ஊருக்குப் போறாங்க, தீபாவளி, அப்புறம் சட் பூஜை, அப்புறம் அவங்க ஊர்ல நவம்பர் 6-லயும் 11-லயும் எலக்‌ஷன், ஓட்டுப் போட்டுட்டுத்தான் வருவோம்ங்கறாங்க, எப்படியும் 15 ஆயிடும். வாடகையை அங்கிருந்தே ஜிபே பண்றேன்னு பெரிய பையன் சொன்னான், அவன் இதுவரைக்கும் ஒரு தடவை கூட 5-ஐத் தாண்டினதில்ல. அதனால 5-ம் தேதி அவங்க கதவு பூட்டிருக்குன்னு யாராச்சும் உங்களுக்கு போன் பண்ணிச் சொன்னா காலி பண்ணிட்டாங்கன்னு நினைச்சுக்காதீங்க, சாமான் எல்லாம் உள்ளதான் இருக்கு, டூப்ளிகேட் சாவி ஒண்ணு 3-ம் நம்பர் பாட்டிகிட்ட குடுத்துட்டுப் போறாங்க.

பாட்டி உங்களுக்கு முறுக்கு சுட்டு வெச்சிருக்கு, 18 ராத்திரி அடுத்த கணக்கு அனுப்பிட்டு 19 காலைல தாராபுரம் வர்றப்ப பணத்தோட எடுத்துட்டு வர்றேன்.