அம்மா ஊரில் இல்லாத பத்து நாள்: யார், எதை, எப்போது

அப்பா, பாட்டி, அண்ணன், அண்ணி, தம்பி ஆகிய அனைவருக்கும்,

பெரியம்மாவின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காக அம்மா இன்று விடியற்காலை மதுரைக்குக் கிளம்பினார். பேருந்து விராலிமலையைத் தாண்டுவதற்குள் நம் குடும்பக் குழுவுக்கு அவர் அனுப்பிய செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடக் கூடாது என்பதற்காக அதை அப்படியே கீழே தருகிறேன்.

“மாத்திரை மறக்காதீங்க காலைல வெறும் வயித்துல, பால் ஒரு பாக்கெட் குறைக்கச் சொல்லணும் நான் சொல்லாமலே வந்துட்டேன், மாவு சனிக்கிழமை வரைக்கும்தான் வரும் யாராவது ஊறப் போடுங்க, மாடில மிளகாய் காயுது, சிலிண்டர் எப்ப வேணாலும் தீரும், தொட்டி கழுவி பத்து நாள் ஆச்சு யாராவது கழுவுங்க, பாட்டிக்குக் காரம் ஆகாது, குப்பையைப் பிரிச்சுப் போடுங்க, கரண்ட் பில் 16க்குள்ள, வெள்ளிக்கிழமை விளக்கு யாராவது ஏத்துங்க, டப்பா மேல் தட்டுல ஒண்ணு கீழ்த் தட்டுல ஒண்ணு மாத்திடாதீங்க, சிலிண்டர் சொன்னேனா?”

இதில் மூன்று இடங்களில் ‘யாராவது’ வருகிறது. அப்படி எழுதப்பட்ட வேலையை மற்றவர் செய்துவிடுவார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொள்வோம். போன வருடம் அம்மா ஊருக்குப் போயிருந்தபோது மாவு இப்படித்தான் இரண்டு நாள் வெளியிலேயே இருந்து புளித்துப் போனது. ஆகையால் இப்பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கி, நாளையும் நேரத்தையும் குறித்திருக்கிறேன். செய்தியில் தெளிவாக இல்லாத இரண்டு விஷயங்களை அம்மாவிடமே தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன்.

முதல் விஷயம் மாத்திரை. யாருடையது என்று அம்மா எழுதவில்லை. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டியது பாட்டியின் தைராய்டு மாத்திரை. மேல் தட்டில் உள்ள நீல டப்பா அவருடையது. கீழ்த் தட்டில் உள்ள வெள்ளை டப்பா அப்பாவுடையது. அதிலுள்ள சர்க்கரை மாத்திரையைக் காலை உணவோடுதான் சாப்பிட வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி சின்ன வெள்ளை மாத்திரைகள் என்பதால், இரு டப்பாக்களின் மூடியிலும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். பாட்டிக்குக் காலையில் எழுந்தவுடன் காபி வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் காபியோடு சேர்த்து எடுத்தால் அந்த மாத்திரை உடலில் சரியாகச் சேராது. ஆகவே முதலில் வெறும் தண்ணீரில் மாத்திரையைக் கொடுத்து, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே காபி கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வழக்கம்போல் இரவில்தான் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையோடு அதைச் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, தொட்டி. அம்மா சொன்னது மாடியில் உள்ள தொட்டியை அல்ல, கொல்லையில் துணி துவைக்கும் இடத்தில் உள்ள சிமெண்டுத் தொட்டியை. டெங்குவைப் பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டைகள் தண்ணீர் மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தென்னை நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இனி பட்டியல். இது 8ஆம் தேதி வியாழன் முதல் 18ஆம் தேதி ஞாயிறு காலை அம்மா வரும் வரைக்கும் பொருந்தும்.

அப்பா: இன்று மாலை பால்காரரிடம் நாளொன்றுக்கு மூன்று பாக்கெட்டுக்குப் பதில் இரண்டு போதும் என்று சொல்லிவிடுங்கள். மின் கட்டணத்தை 14ஆம் தேதி புதன்கிழமையே கட்டிவிடுங்கள். கடைசி நாளான 16 வரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன்: இன்றே சிலிண்டருக்குப் பதிவு செய்யுங்கள். அது வரும்போது முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, எடை போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள். மாற்றும்போது சாமி விளக்கு உட்பட எல்லா நெருப்பையும் அணைத்து, சன்னல்களைத் திறந்து வைத்து, ரெகுலேட்டரைப் பொருத்தியபின் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் சிலிண்டர் தீர்ந்தால், நீங்கள் வரும்வரை மின் அடுப்பில் சமைத்துக்கொள்கிறோம்.

அண்ணி: காலைச் சமையல் உங்களுடையது. பாட்டிக்கு வேண்டிய குழம்பை மிளகாய்த் தூள் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மாடியில் காயும் மிளகாயைத் தினமும் மாலை ஐந்து மணிக்கு உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் பூஞ்சை வந்து, அம்மா தேர்ந்தெடுத்து வாங்கிய மிளகாய் முழுவதும் வீணாகிவிடும்.

தம்பி: குப்பை வண்டி காலை ஏழு மணிக்கு வரும். காய்கறிக் கழிவையும் மீந்த சோற்றையும் பச்சைக் கூடையிலும், பிளாஸ்டிக், காகிதம் ஆகியவற்றை நீலக் கூடையிலும் தனித்தனியே வைத்திருந்து நீயே கொண்டுபோய்க் கொடு. கொல்லைத் தொட்டியை 10ஆம் தேதி சனிக்கிழமையும் 17ஆம் தேதி சனிக்கிழமையும் கழுவ வேண்டும். அன்றே குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டிலும் பூந்தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளிலும் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடு.

நான்: பாட்டியின் மாத்திரை, இரவுச் சமையல், மாவு ஆகிய மூன்றும் என் பொறுப்பு. சனிக்கிழமை பிற்பகல் நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊற வைத்து மாலையில் அரைப்பேன். ஞாயிறு காலை மாவு பொங்கியவுடன் நானே உள்ளே எடுத்து வைத்துவிடுவேன்.

பாட்டி: “எனக்கு ஒரு வேலையும் இல்லையா?” என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வெள்ளிக்கிழமை விளக்கு உங்களுடையது. திரியும் எண்ணெயும் வியாழன் இரவே எடுத்து உங்கள் கைக்கெட்டும் உயரத்தில் வைத்துவிடுகிறேன். கீரை வாங்கும் நாளில் ஆய்ந்து கொடுப்பதும் நீங்கள்தான். உங்களைப்போல் நாங்கள் எவரும் மண்ணில்லாமல் ஆய்வதில்லை.

ஒருவருக்கு அலுவலகத்திலோ கல்லூரியிலோ தாமதமாகிவிட்டால், வேலையை விட்டுவிடாமல் இன்னொருவரிடம் நேரில் சொல்லி, அவர் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகே விலகிக்கொள்ள வேண்டும். குழுவில் எழுதிவிட்டால் போதும் என்று இருக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்துத்தான் சிலர் படிக்கிறார்கள். இப்பட்டியலின் ஒரு படியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். முடிந்த வேலைக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு அறுவை சிகிச்சை 10ஆம் தேதி சனிக்கிழமை காலை நடக்கிறது. அன்று முழுவதும் உப்பு எங்கே, பருப்பு எங்கே என்று அம்மாவை யாரும் அழைக்காதீர்கள். வீட்டு விஷயம் எதுவானாலும் என்னைக் கேளுங்கள். மற்ற நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் அழைத்தால் அம்மா பேச முடியும் என்று சொல்லியிருக்கிறார். அப்போது முதலில் பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.