டாரட் கட்டு: முதல் மூன்று அட்டைகளும் பின்பக்கமும் (ஓவியருக்கு)

அளவு 70 × 120 மி.மீ., நிமிர்ந்த வாக்கில். வெட்டுக்கு நாலாபக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மரச்செதுக்கு அச்சுபோலத் தடித்த கருங்கோடு, உள்ளே தட்டையான நிறம். பழுப்பேறிய தாள், குங்குமச் சிவப்பு, அவுரி நீலம், மங்கிய தங்கம், இவை போதும். தேவைப்படும் இடத்தில் மட்டும் வேறு நிறம். எண் வரிசை 1909 லண்டன் கட்டின்படி: வலிமை 8, நீதி 11. பழைய மார்செய் கட்டில் இவை இடம் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம்.

நீதி, 11
சிவப்பு அங்கி அணிந்தவர் கல் இருக்கையில் நம்மை நேருக்கு நேர் பார்த்து அமர்ந்திருக்கிறார். ஆணா பெண்ணா என்று சட்டெனச் சொல்ல முடியாத முகம். தலையில் சதுரக் கல் பதித்த கிரீடம். இரு புறமும் சாம்பல் தூண்கள், நடுவே ஊதாத் திரை. அவரது வலது கையில் வாள், நுனி மேலே, துளியும் சாயாமல். இடது கையில் தராசு, தட்டுகள் காலி. இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் படம் விறைத்துப் போகும். வாள் எழும்பட்டும், தராசு தாழ்ந்து தொங்கட்டும், கனம் நெஞ்சருகே வந்து நிற்கும். கண்ணைக் கட்டிவிடாதீர்கள். அது நீதிமன்றச் சிலைக்கு. இங்கே கண் திறந்தே இருக்கும். அங்கியின் அடியில் ஒரு வெள்ளைக் காலணி நுனி மட்டும் தெரியட்டும். பார்டரில் ஓக் இலையும் காயும் பின்னிய கொடி, நான்கு மூலையிலும் எடைக்கல்.

மிதம், 14
சிவந்த இறக்கைகளுடன் வெள்ளுடைத் தேவதை. ஒரு கால் கரையில், மற்றது குளத்து நீரில். மார்பில் சதுரத்துக்குள் முக்கோணம். இரு பொற்கிண்ணங்களுக்கு இடையே நீர் சாய்வாகவே ஓட வேண்டும். இயற்கைக்கு ஒவ்வாததுதான், அட்டையின் உயிரே அதுதான். நமக்கு வலப்பக்கம் மஞ்சள் ஐரிஸ் பூக்கள், இடப்பக்கம் மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, முடிவில் கிரீடம்போல ஒளி. பூக்கள் அருகில், பெரிதாக. பாதை தூரத்தில், மெலிதாக. ஆனாலும் உருவம் எந்தப் பக்கமும் சாய்ந்ததாகத் தோன்றக் கூடாது. பார்டர் முழுக்க நீரலை. மேல் விளிம்பில் அலை தங்கம், கீழே நீலம்.

வலிமை, 8
சிங்கத்தின் வாயை வெறுங்கையால் பற்றியிருக்கும் பெண். தலைக்கு மேல் படுத்த எட்டு. சண்டை வேண்டாம், அவள் முகத்தில் முறைப்பும் வேண்டாம். பார்டரில் ரோஜாச் சரம், சரி.

பின்பக்கம்
உருவமே வேண்டாம். நடுவில் எட்டு முனை நட்சத்திரம், சுற்றிலும் நீதி அட்டையில் உள்ள அதே கொடி. தலைகீழாகத் திருப்பினாலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டை நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். முதலில் இதன் பென்சில் வரைவை அனுப்புங்கள், அப்புறம் மற்றவை.