பொருள்: செப்டம்பர் 26, 27 மாநாடு – ஹால், மின்சாரம், சவுண்ட், பிரேக்அவுட் அறைகளை நேரில் பார்க்க ஜூலை 9 அன்று வருகிறோம்

பெறுநர்: விருந்து மற்றும் நிகழ்ச்சிப் பிரிவு மேலாளர் அவர்கள், திருச்சி

வணக்கம் சார்,

நேற்று போனில் பேசியபடி விவரங்களை எழுதுகிறேன். 2026 செப்டம்பர் 26 சனி, 27 ஞாயிறு இரண்டு நாளும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையில் வேலை செய்கிறவர்களுக்கான மாநில அளவிலான கூட்டத்தைத் திருச்சியில் நடத்துகிறோம். சுமார் 300 பேர் வருவார்கள். பாதிக்கு மேல் செவிலியர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்களும் அதில் உண்டு. மற்றவர்கள் மருத்துவர்கள், தன்னார்வலர்கள், நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பத்தினர். எல்லா மாவட்டத்திலிருந்தும் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து சேர வசதி என்பதால்தான் திருச்சியைத் தேர்ந்தெடுத்தோம்.

ஜூலை 9 வியாழன் காலை 10 மணிக்கு நானும், எங்கள் சவுண்ட் பொறுப்பாளரும், எலக்ட்ரீஷியனும் வருகிறோம். மதியம் 2 மணி வரை தேவைப்படும். அந்த நேரத்தில் உங்கள் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் கூட இருந்தால்தான் வேலை நடக்கும். ஹாலைச் சுற்றிக் காட்ட விற்பனைப் பிரிவில் யார் வந்தாலும் சரி, மெயின் போர்டைத் திறந்து காட்ட அதைத் தினமும் கையாள்கிறவர் வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் பேசுகிற பலர் மேடைக்குப் புதியவர்கள். அப்பாவைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட மகள் பேசுவார், மனைவியை இழந்த பெரியவர் பேசுவார். மைக்கை எட்டப் பிடிப்பார்கள், குரல் தாழ்ந்துவிடும், நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். “கொஞ்சம் சத்தமாப் பேசுங்க” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால் அவர் சொல்ல வந்தது அதோடு போய்விடும். அந்த மெல்லிய குரல் கடைசி நாற்காலி வரை தெளிவாகப் போக வேண்டும். கீழே கேட்டிருப்பதில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

முதலில் பெரிய ஹால். உங்கள் பிரசுரத்தில் 100 அடிக்கு 60 அடி, 600 பேர் என்று இருக்கிறது. அது நாற்காலி மட்டும் போட்ட கணக்கு என்று நினைக்கிறேன். எங்களுக்கு வட்ட மேசை, மேசைக்கு 8 பேர், யாரும் மேடைக்கு முதுகு காட்டாத மாதிரி. அப்படிப் போட்டால் 300 பேர், நடுவில் ஒரு நடைபாதை, பின்னால் சவுண்ட் மேசை, கேமரா எல்லாம் அடங்குமா என்பதை உங்கள் மேசை ஒன்றையே போட்டு அளந்து பார்க்க விரும்புகிறோம். நடுவில் தூண் உண்டா, கூரையின் உயரம் எவ்வளவு, ஜன்னல்களை முழுக்க இருட்டாக்க முடியுமா, அவசர வழிகள் எந்தப் பக்கம் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அவசர வழிக் கதவுகளுக்கு முன்னால் பஃபே மேசையோ பேனரோ வராதபடிதான் வரைபடம் போடுவோம்.

மேடை பற்றி ஒரு முக்கியமான விஷயம். முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் இருவர் மேடையில் பேசுகிறார்கள். அவர்களை நான்கு பேர் தூக்கி ஏற்றுவதை நாங்கள் ஒருபோதும் செய்ய மாட்டோம். சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. மேடை 2 அடி உயரம் என்றால் சாய்தளமே 24 அடி நீளம் ஆகிவிடும். உங்கள் மேடைப் பலகைகளை 1 அடி உயரத்தில் போட முடியுமா? முடிந்தால் 12 அடி போதும், பக்கவாட்டில் அடங்கிவிடும். வாசல், லிஃப்ட், சாப்பாட்டு இடம், கழிப்பறை எல்லாவற்றையும் ஒரு சக்கர நாற்காலியை உருட்டிப் பார்த்தே உறுதி செய்வோம், நாற்காலியை நாங்களே கொண்டுவருகிறோம். கழிப்பறைக் கதவு 3 அடி அகலம் இல்லாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்து மின்சாரம். எங்கள் தரப்பில் எல்.இ.டி. திரைக்கு 6 கிலோவாட், சவுண்டுக்கு 5, மேடை விளக்குக்கு 8, நேரலைக் கருவிகளுக்கு 2, ஆக 21 கிலோவாட் என்று எடுத்திருக்கிறோம். 32 ஆம்பியர் த்ரீ பேஸ் இணைப்பு இதற்கு விளிம்பில்தான் நிற்கும். அதனால் மேடைக்குப் பக்கத்தில் 63 ஆம்பியர் த்ரீ பேஸ் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். சவுண்டும் மேடை விளக்கின் டிம்மரும் ஒரே பேஸில் வந்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும், ஆகவே பேஸைப் பிரித்துத் தர வேண்டும். டீ கவுண்டரின் கெட்டிலும் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் பெட்டியும் இந்த லைனுக்குள் வரவே கூடாது. வேறோர் ஊரில் ஒரு மண்டபத்தில், சரியாகத் தேநீர் நேரத்துக்கு எம்.சி.பி. விழுந்து மேடை இருண்டது. கெட்டில் எந்தப் போர்டில் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது.

ஜெனரேட்டர் 125 கே.வி.ஏ. என்று சொன்னீர்கள். 0.8 பவர் ஃபேக்டர் வைத்தால் 100 கிலோவாட். அதில் எதெல்லாம் ஓடும் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஹால் ஏசி மொத்தமுமா, பாதியா? லிஃப்ட், சமையலறை, தங்கும் அறைகள் எல்லாம் அதே செட்டிலா? கரண்ட் போனதும் தானாக மாறுமா, ஆள் போய் மாற்ற வேண்டுமா? பத்து விநாடியில் மாறினாலும் டிஜிட்டல் மிக்ஸர் மறுபடி எழுந்து நிற்க நேரம் எடுக்கும். அதனால் மிக்ஸருக்கும் நேரலை லேப்டாப்புக்கும் நாங்கள் யு.பி.எஸ். கொண்டுவருகிறோம். நாங்கள் வரும் அன்று ஒரே ஒரு முறை மெயினை அணைத்து, ஜெனரேட்டர் எடுப்பதைக் காட்டினால் பெரிய உதவி. உங்கள் பக்கம் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் வரும் என்பதையும் விசாரித்து வையுங்கள். சனி, ஞாயிறு கூட்டம் மட்டுமல்ல, வெள்ளி மாலை எங்கள் செட்டிங் வேலையும் நடக்கும்.

சவுண்டுக்கு உங்கள் கூரை ஸ்பீக்கர்களைப் பயன்படுத்தலாமா, முழுக்க வெளியிலிருந்து கொண்டுவருவதா என்பதைக் கேட்டுப் பார்த்த பிறகே சொல்ல முடியும். ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. மேடையிலிருந்து 80 அடியில் இருப்பவருக்கு முன் ஸ்பீக்கர் சத்தம் 70 மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாக வரும். கூரை ஸ்பீக்கர் அவர் தலைக்கு மேல் உடனே பேசும். இரண்டும் மோதினால் சொல் கலங்கிவிடும். உங்கள் அமைப்பில் தாமதம் செட் செய்ய வழியுண்டா? இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர் எதிரெதிரே இருப்பதைப் படத்தில் பார்த்தேன், அங்கே எதிரொலி அதிகம் இருக்கும். கனமான திரைச்சீலை இருந்தால் எடுத்து வையுங்கள், போட்டும் போடாமலும் கேட்டுப் பார்ப்போம்.

பக்கத்து ஹால்தான் எனக்குப் பெரிய கவலை. நடுவில் மடக்குச் சுவர் மட்டும்தான் என்றால், பொய்க்கூரைக்கு மேலே அது கான்கிரீட் வரை போகிறதா, அங்கேயே நின்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே திறந்திருந்தால் கீழே எத்தனை ரப்பர் பட்டை ஒட்டினாலும் சத்தம் தாண்டி வரும். புரட்டாசி என்பதால் அந்த இரண்டு நாளும் கல்யாணம் இருக்காது என்று நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் பிறந்தநாள் விழா, கம்பெனி பார்ட்டி, டிஜே எல்லாவற்றுக்கும் புரட்டாசி தடையில்லையே. ஒன்று, பக்கத்து ஹாலை மாலை 6 மணி வரை யாருக்கும் தர மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள். இல்லையென்றால் அதையும் சேர்த்து எங்களுக்கே விலை சொல்லுங்கள். ஆடி பிறந்துவிட்டால் அந்த ஹால் காலியாகக் கிடக்கும், சத்தத்தைச் சோதிக்க முடியாது. அதனால் ஆனி முடிவதற்குள் அங்கே ஏதாவது வரவேற்பு இருந்தால் சொல்லுங்கள், அன்று மாலை நான் மட்டும் வந்து கால் மணி நேரம் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.

பிரேக்அவுட் அறைகள் ஆறு, ஒரே நேரத்தில். நான்கில் தலா 50 பேர். அந்த நான்கிலும் வயர்லெஸ் மைக் ஒரே நேரத்தில் ஓடப்போகிறது, ஆகவே உங்களிடம் இருப்பவற்றின் அலைவரிசைப் பட்டியலை அனுப்புங்கள். ஓர் அறையின் பேச்சு அடுத்த அறை ஸ்பீக்கரில் வரக் கூடாது. ஐந்தாவது அறையில், நோய் முற்றிவிட்டது என்பதைக் குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்று நடித்துப் பழகுவார்கள். மேசை வேண்டாம், வட்டமாக 20 நாற்காலி போதும். ஆறாவது அறைக்கு மைக்கும் திரையும் எதுவும் வேண்டாம். நெஞ்சு கனத்து எழுந்து வருகிறவர் கொஞ்ச நேரம் உட்காருவதற்கான இடம் அது. கண்ணாடிக் கதவாக இருந்தால் திரை போட வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், பரிமாறுபவர்கள் அந்த வழியாகப் போய்வரக் கூடாது. இந்த இரண்டு அறைகளிலும் கண்காணிப்பு கேமரா ஒலியையும் பதிவு செய்தால் அந்த இரண்டு நாளும் அதை நிறுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது சார்.

நேரலைக்கு வைஃபை போதாது. மேடைப் பக்கம் ஒரு லேன் கேபிள், அப்லோடு 10 எம்.பி.பி.எஸ். குறையாமல். செட்டிங்குக்கு 25ஆம் தேதி மாலை 4 மணியிலிருந்து ஹால் எங்கள் கையில் வேண்டும். லாரி எந்த வாசல் வரை வரும், சாமான் லிஃப்டின் கதவு அளவு என்ன என்பதைப் போகும்போதே பார்த்துக்கொள்கிறோம். சாப்பாடு முழுக்க சைவம். புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் கூட்டம் நெரியும். ஆகவே தங்குவதற்கு 40 அறைகளை இப்போதே பெயர் போடாமல் பிடித்து வையுங்கள்.

வருவதற்கு முன், ஜூலை 3க்குள், இவை கிடைத்தால் நல்லது: அளவுடன் கூடிய தள வரைபடம், மேடைப் பக்க மின் போர்டின் போட்டோ, உங்கள் சவுண்ட் கருவிகளின் பட்டியல், ஜிஎஸ்டி சேர்த்தும் சேர்க்காமலும் விலை. ஜெனரேட்டர் டீசலுக்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் மணிக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.

ஜூலை 20க்குள் எங்கள் குழு முடிவு சொல்லிவிடும். திருச்சியில் இன்னொரு இடத்தையும் பார்க்கிறோம், இதே கேள்விகளைத்தான் அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். இருக்கும் குறையை முன்னாலேயே சொன்னால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வோம், அதனால் எதையும் தயங்காமல் எழுதுங்கள். 9ஆம் தேதி காலை வசதிப்படுமா என்று மட்டும் நாளைக்குள் ஒரு வரி பதில் போடுங்கள், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

நன்றி.

அன்புடன்,
செல்வி
நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர், சென்னை