வெலிமடைப் பக்கத் தோட்டக் கொப்பி: 1987–88 போக அட்டவணையும் வாசிப்புக் குறிப்பும்

மூலம்: கோடு போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று. முதல் பதிவு 1987 ஏப்ரல் 1, கடைசிப் பதிவு 1988 ஜூலை 11. அதற்குப் பின்னுள்ள தாள்கள் கிழிந்து போய்விட்டன. எழுத்து ஒரே கையுடையது. பெரும்பாலும் நீல மை, மாத முடிவுக் கூட்டுத்தொகை மட்டும் சிவப்பு மை. மூன்று துண்டு நிலம்: மேல்தட்டு 20 பேர்ச், வயல் 30 பேர்ச், கிணற்றடி 10 பேர்ச்.

போகம் பிரித்த முறை: ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை சிறுபோகம், ஒக்டோபர் முதல் மார்ச் வரை பெரும்போகம். பயிர் எந்தப் போகத்தில் சேரும் என்பதை நட்ட நாள்தான் தீர்மானிக்கிறது, வெட்டிய நாள் அல்ல. அதனால் ஏப்ரலில் வெட்டிய நெல்லும் 1987/88 பெரும்போக வரிசையிலேயே நிற்கிறது.

பயிர் அட்டவணை

| போகம் | துண்டு | பயிர் | நட்டது / விதைத்தது | அறுவடை | கொப்பியில் உள்ள விளைச்சல் | கிலோ | தொன்/ஹெக். |
|---|---|---|---|---|---|---|---|
| சிறு 1987 | கிணற்றடி | போஞ்சி | 20.04.1987 | 12.06 – 20.07.1987 | 486 றாத்தல் | 220 | 8.7 |
| சிறு 1987 | வயல் | உருளைக்கிழங்கு | 02.05.1987 | 18.08.1987 | 22 அந்தர் | 1,118 | 14.7 |
| பெரு 1987/88 | மேல்தட்டு | உருளைக்கிழங்கு | 22.10.1987 (±1) | 30.01.1988 | 14 அந்தர் | 711 | 14.1 |
| பெரு 1987/88 | கிணற்றடி | கோவா | 09.11.1987 | 02.02.1988 முதல் | 18 மூடை | — | — |
| பெரு 1987/88 | வயல் | நெல் (நாற்று) | 28.11.1987 | 02.04.1988 (±1) | 10 புசல் | 209 | 2.8 |
| சிறு 1988 | கிணற்றடி | போஞ்சி | 18.04.1988 | 10.06.1988 முதல் | 305 றாத்தல், 08.07 வரை | 138 (குறை) | — |
| சிறு 1988 | வயல் | உருளைக்கிழங்கு | 16.05.1988 | பதிவு இல்லை | பதிவு இல்லை | — | — |

மழை, பெரும்போகம் 1987/88

| மாதம் | அங்குலம் | மி.மீ. | பதிவில்லா நாள் |
|---|---|---|---|
| ஒக்டோபர் | 9.84 | 249.9 | 0 |
| நவம்பர் | 10.12 | 257.0 | 0 |
| டிசம்பர் | 7.35 | 186.7 | 4 (சேர்த்து அளந்தது) |
| ஜனவரி | 4.60 | 116.8 | 0 |
| பெப்ரவரி | 2.08 | 52.8 | 6 |
| மார்ச் | 3.47 | 88.1 | 0 |
| மொத்தம் | 37.46 | 951.5 | |

மி.மீ. நிரலை மேலிருந்து கூட்டினால் 951.3 வரும். மொத்தம் அங்குலக் கூட்டுத்தொகையிலிருந்து நேரே மாற்றப்பட்டது, அதனால்தான் இந்த 0.2 வித்தியாசம். அதைத் திருத்தக் கூடாது. சிறுபோகம் 1987: 18.22 அங்குலம், 462.8 மி.மீ. சிறுபோகம் 1988-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் முழுமை: 11.05 அங்குலம், 280.7 மி.மீ. ஜூலையின் பதினொரு நாள் இதில் சேரவில்லை.

மழை இலக்கங்களை வாசித்த விதம்

கொப்பியில் மழை "1-40" என்று எழுதப்பட்டிருக்கிறது. இது ஒன்றிலிருந்து நாற்பது வரை அல்ல, ஒரு அங்குலமும் நூற்றில் நாற்பதும், அதாவது 1.40 அங்குலம். கோட்டை அப்படியே விரிதாளில் அடித்தால் அது திகதியாக மாறிவிடும், அல்லது கழித்தலாகிவிடும். ஆகவே அந்த நிரலை முதலில் எழுத்து வடிவமாக வைத்து, புள்ளி போட்ட எண்ணைப் பக்கத்து நிரலில் தனியாக அடித்தோம்.

சிக்கல் தந்தது நவம்பர்ப் பக்கத்தில் உள்ள ஒரு "0-6". 0.06-ஆ, 0.60-ஆ? மற்ற இடங்களில் எல்லாம் கோட்டுக்குப் பின் இரண்டு இலக்கம் இருக்கிறது, இங்கே மட்டும் ஒன்று. பதில் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் இருந்தது: 10-12. 0.06 என்று எடுத்தால் மாதம் 9.58-இல் நின்றுவிடுகிறது, 0.60 என்றால் சரியாக 10.12. எனவே 0.60. மாதக் கூட்டுத்தொகை எழுதப்பட்ட கொப்பி கிடைத்தால், ஒவ்வொரு பக்கத்தையும் அடித்து முடித்த கையோடு அந்த எண்ணுடன் ஒத்துப் பார்க்க வேண்டும். 1-ஐ 7 என்று வாசித்த பிழை இரண்டும் அப்படித்தான் பிடிபட்டன.

சிறு கோடு (—) என்றால் மழை இல்லை, அது 0. வெற்றிடம் என்றால் அளக்கவில்லை, அது வெற்றிடமாகவே இருக்கும். இரண்டையும் 0 ஆக்கினால் பெப்ரவரி உண்மையில் இருந்ததை விட வறண்டதாகத் தெரியும். டிசம்பரில் நான்கு நாள் வெற்றிடம், ஐந்தாம் நாள் "2-15 சேர்த்து". அந்த 2.15 மாதக் கணக்கில் மட்டும் சேர்கிறது. எந்த ஒரு நாளுக்கும் எழுதப்படவில்லை, ஐந்தாகப் பங்கிடவும் இல்லை. "தூறல்" என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. எண் இல்லாததால் அச்சொல்லே வைக்கப்பட்டது, மொத்தத்தில் சேர்க்கவில்லை.

மழைமானி காலை 7 மணிக்குப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே நவம்பர் 1 வரியில் உள்ள 0-85 பெரும்பாலும் ஒக்டோபர் 31-இன் மழை. மாதக் கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டும் என்பதால் மேலுள்ள அட்டவணை கொப்பித் திகதிப்படியே இருக்கிறது. நாளாந்தத் தாளில் "பெய்த நாள்" என்று ஒரு நிரல் உண்டு. நட்ட நாளையும் மழையையும் ஒப்பிடுபவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும்.

திகதி

நடுகை சில இடங்களில் தமிழ் மாதத்தில் உள்ளது. மேல்தட்டுக் கிழங்குக்கு "பிரபவ, ஐப்பசி 5". பிரபவ ஆண்டு 1987 ஏப்ரலில் தொடங்கி 1988 ஏப்ரல் வரை போவது. அதே பிரபவ ஆண்டின் தை மாதம் 1988-இல் விழும், அதை 1987 என்று போட்டால் பயிர் நடுமுன்னே அறுவடையாகிவிடும். ஐப்பசி 1 ஒக்டோபர் 17 அல்லது 18. ஆகவே 22.10.1987 என்று எழுதி ±1 போட்டோம். "பங்குனி 20" நெல்லுக்கும் அப்படியே.

நிறையும் பரப்பும்

இன்று சந்தையில் அந்தர் என்றால் 50 கிலோ. இந்தக் கொப்பியில் அப்படி இல்லை: விதைக்கிழங்கு வாங்கிய பக்கத்தில் "2 அந். = 224 றாத்தல்" என்று இருக்கிறது, ஆகவே 112 றாத்தல், 50.8 கிலோ. 14 அந்தரை 700 கிலோ என்று எடுத்தால் 11 கிலோ காணாமல் போகும். நெல்லுக்குப் புசல் 46 றாத்தலாக எடுக்கப்பட்டது. பேர்ச் 25.293 சதுர மீற்றர். கிழங்கு வரிசைக்கான சூத்திரம், E பேர்ச், H அந்தர்:

```
=ROUND(H2*50.802/(E2*25.293)*10,1)
```

கோவாவுக்கு மூடைக் கணக்கு மட்டுமே உண்டு, ஒரு மூடையின் நிறை எங்கும் எழுதப்படவில்லை. மூடைக்கு இத்தனை கிலோ என்று ஊகித்துப் போட்டிருந்தால் அந்த எண் நாளைக்கு அளந்த எண்ணாகவே நம்பப்படும். அதனால் 18 மூடை அப்படியே நிற்கிறது. மேல்தட்டுக் கிழங்குக்கு டிசம்பர் நடுவில் "இலை கருகல், மருந்து 2 தடவை" என்று ஒரு வரி இருக்கிறது, அது குறிப்பு நிரலில் சொல்லுக்குச் சொல் ஏறியிருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பது கொப்பியில் இல்லை.

கிழங்கு விளைச்சலில் வீட்டுக்கும் விதைக்கும் எடுத்ததும் சேர்ந்திருக்கிறது: 14 அந்தரில் 11 விற்றது, 2 விதைக்கு, 1 வீட்டுக்கு. 1987 சிறுபோகத்தின் 22 அந்தருக்கு அந்தப் பிரிப்பு எழுதப்படவில்லை. அது விற்றது மட்டும் என்றால் அந்தப் போகத்தின் 14.7 தொன் உண்மையை விடக் குறைவு. அந்த வரிசையின் குறிப்பு நிரலில் "மொத்தமா, விற்றதா தெளிவில்லை" என்று உள்ளது.