கண்டியில் அப்பாவோடு நின்ற பிரதீபனுக்கு

அன்புள்ள பிரதீபன்,

இதை வட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் அங்கே நான் நன்றி என்று ஆரம்பித்தாலே நீங்கள் "அட, அதை விடுங்க" என்று போட்டு, அப்பாவின் பிரஷர் எவ்வளவு என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். பல தடவை அப்படித்தான் நடந்தது. அதனால் கடிதமாக எழுதி, கண்டிக்கு வருகிற மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். முழுவதும் வாசித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேடுவது அதைத்தான். ஊன்றுகோலோடு லயத்துக் கடைசி வரைக்கும் நடக்கிறார். பீலிக்கு இறங்கும் படிகளில் மட்டும் யாராவது கூடப் போக வேண்டும். வலது கையால் கோப்பையைத் தூக்க முடிகிறது, ஆனால் நிரம்ப ஊற்றினால் தளும்புகிறது. பேச்சு நன்றாகத் தெளிந்துவிட்டது. கோபம் வந்தால்தான் இன்னும் கொஞ்சம் குழறும். பொங்கலன்று வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று எல்லாரையும் அதட்டினார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நீங்களும் நானும் அந்தச் சனிக்கிழமை கண்டியில் முதல்முறை சந்திப்பதாக இருந்தோம். அப்பில் மேட்ச் ஆகி, மழையைப் பற்றியும் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்த ஆட்கள், அவ்வளவுதான். அந்த வாரம்தான் அப்பா விடியற்காலை எழும்பப் பார்த்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே சரிந்தார். டிக்கோயாவில் காட்டி, அங்கிருந்து கண்டிக்கு மாற்றினார்கள். "மன்னிக்கணும், சனிக்கிழமை வர முடியாது, அப்பாவுக்குப் பாரிசவாதம், கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்" என்று ஒரு வரி போட்டேன். அத்தோடு நீங்கள் ஒதுங்கியிருந்தாலும் நான் குறை நினைத்திருக்க மாட்டேன். முகம் பார்த்திராத ஒருத்தியின் அப்பாவுக்காக யார் ஓடி வருவார்கள்?

ஓடி வந்தீர்கள். வார்டு வாசலில் ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மறு கையில் சாப்பாட்டுப் பார்சலுமாக நின்றீர்கள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "டயக்னோசிஸ் கார்டு எங்க? டிக்கோயாவில குடுத்த பேப்பர் எல்லாம் இருக்கா?" அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அப்படிக் கேட்கிற ஒரு ஆள்தான். ஆறுதல் சொல்ல நிறையப் பேர் போன் எடுத்தார்கள். சிங்களத்தில் டொக்டர் சொன்னதை நின்று கேட்டு, ஒரு சொல் விடாமல் தமிழில் எனக்குச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். பஸ்ஸில், கடையில் பேசுகிற அளவுக்கு எனக்கும் சிங்களம் வரும். மூளையில் எந்தப் பக்கம் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று கேட்டுப் புரிந்துகொள்ள அந்தச் சிங்களம் போதாது. உங்களுக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு நீங்களே பேசவில்லை. "மிஸ்ஸே கேளுங்க, தடுமாறினா நான் சொல்லித் தாரேன்" என்று பக்கத்தில் நின்றீர்கள். கடைசி வாரத்தில் நானே கேட்டேன்.

அன்று பின்னேரம் படிக்கட்டில் உட்கார்ந்து நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? மஸ்கெலியா மேல் பிரிவில் இல்லாமல் டவுனில் இருந்திருந்தால் அப்பாவின் கை தப்பியிருக்குமா என்று கேட்டேன். நீங்கள் சும்மா "அப்படி எல்லாம் யோசிக்காதீங்க" என்று சொல்லவில்லை. பார்மசியில் ஆட்களுக்கு விளக்குவது போலவே நிதானமாகச் சொன்னீர்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு ஆள் கடைசியாக நல்லபடி இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். தூக்கத்தில் வந்ததென்றால் அது முதல் நாள் இரவு படுத்த நேரம். "நீங்க எழும்பும்போதே அந்த நேரம் போயிருக்கும், டவுனில இருந்திருந்தாலும் கஷ்டம்தான்" என்றீர்கள். அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அதுவரைக்கும் அவள், தான் முன்னமே எழும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

அப்புறம் ராத்திரிகள். ஆண்கள் வார்டில் இரவு துணைக்கு நான் நிற்க முடியாது, அம்மாவும் நிற்க முடியாது. தம்பி கட்டாரில். மாமா வந்து நின்றார், ஆனால் அவருக்கும் வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. பெரஹெராக் காலம் வேறு, டவுனில் அறை கேட்டால் வாடகை சொல்லவே பயமாக இருந்தது, பின்னேரமானால் பாதையும் மூடிவிடுவார்கள். நீங்கள் கட்டுகஸ்தோட்டையில் உங்கள் சித்தி வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் இடம் வாங்கித் தந்துவிட்டு, "ராத்திரிக்கு அப்பாவோட நான் நிக்கிறேன்" என்றீர்கள். நான் வேண்டாம் என்றதற்கு, "அப்ப யார் நிக்கிறது?" என்று மட்டும் கேட்டீர்கள். பதில் இல்லை என்னிடம்.

அந்த சீ.ஆர். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொன்னதும் நீங்கள் கோடு போட்டு எழுதிய பக்கம். நேரம் ஒரு வரிசை. இடது, நிமிர்ந்து, வலது என்று ஒரு வரிசை. பக்கத்துக் கட்டில்காரரோடு நின்ற ஆளும் பார்த்து உதவட்டும் என்று தமிழுக்குக் கீழே சிங்களத்திலும் எழுதியிருந்தீர்கள். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று ஒவ்வொன்றுக்கும் நேரே நீல மையில் சரி போட்டிருக்கிறது. நாலு மணிக்குப் போட்ட சரி எல்லாம் கோணல்மாணலாக இருக்கும். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு நேராகப் பார்மசிக்கு வேலைக்குப் போனவரின் கையெழுத்து அது. அப்பாவுக்கு ஒரு புண்கூட வரவில்லை, பிரதீபன்.

கஞ்சியைத் தண்ணியாகக் கொடுக்கக்கூடாது, புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும், கெட்டியாகக் கரைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைத் தாழ்த்திக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும் என்று அங்கே காட்டித் தந்ததை எனக்குச் செய்து காட்டியதும் நீங்கள்தான். அப்படி ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா வாய் திறந்து, குழறாமல், "தம்பி சாப்புட்டுச்சா?" என்று கேட்டார். நோய் வந்த பிறகு அவர் முழுதாகச் சொன்ன முதல் வார்த்தை அது. கேட்டது உங்களைப் பற்றி. நீங்கள் அப்போது வேலையில் இருந்தீர்கள். பின்னேரம் சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

இனி, நாம் இரண்டு பேரும் அதிகம் பேசாத விஷயம்.

அப்பா வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் பேராதனைப் பூங்காவில் சந்தித்தோம், நினைவிருக்கும். லயத்தில் பாதிப் பேர் அதற்குள் நமக்குக் கல்யாணமே பேசி முடித்திருந்தார்கள். அம்மாவுக்கும் ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். எனக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். உங்கள் மேல் மரியாதை மலையளவு இருந்தது. ஆனால் ஒருவரோடு வாழ்வதற்கு மனதில் வர வேண்டிய அந்த இழுப்பு வரவில்லை. அதை எப்படிச் சொல்வது, இவ்வளவு செய்தவரிடம்? நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "நன்றிக்காக ஒத்துக்க வேண்டாம். அது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. எனக்கும் அப்படித் தோணல. அப்பாவப் பார்க்க மட்டும் வருவேன், அதுக்குத் தடை சொல்லாதீங்க."

அந்த மாதம் முழுக்க நீங்கள் செய்த எல்லாவற்றிலும் பெரியது எனக்கு இதுதான். செய்ததற்குக் கணக்குக் கேட்கிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு நேரே கேட்காவிட்டாலும், வேண்டியது கிடைக்காவிட்டால் மெல்லப் போனை எடுக்காமல் விடுவார்கள். நீங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவுக்கு எடுத்தீர்கள். அதற்கு அடுத்ததும். கிளினிக் திகதிக்கு முதல் நாள் கொப்பியையும் மாத்திரைப் பையையும் எடுத்து வைக்கச் சொல்லி இன்றுவரை ஞாபகப்படுத்துகிறீர்கள். எங்களிடம் வைத்திருந்தது வெறும் அன்புதான் என்பதை இப்படிச் சொல்லாமலே காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள், "அவ்வளவு நல்ல பிள்ளை, ஏன் விட்ட?" என்று. நான் யாரையும் விடவில்லை என்று சொல்கிறேன். அந்த மாதம் உங்களைப் போல ஒருவர் கூட இருந்ததால், இனி வாழ்க்கையில் யாரைத் தேடினாலும் எப்படிப்பட்டவரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் மனதுக்குப் பிடித்த ஒருத்தி கிடைக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கிறாள். நானும் கூடவே நின்று கும்பிடுகிறேன். அது நடக்கும்போது முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். அம்மா கட்டாயம் சீர் எடுத்துக்கொண்டு வருவாள், தடுக்க முடியாது.

மாமா கொண்டுவரும் பையில் தேயிலைத் தூளும், அம்மா சுட்ட ரொட்டியும், தனி டப்பாவில் கட்டச்சம்பலும் இருக்கின்றன. சித்திக்கும் பங்கு இருக்கிறது, அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கவரில் இருக்கும் பணம், வெளியே வாங்கிய மருந்துகளுக்கு நீங்கள் கொடுத்தது. தேடித் தேடி பில்லெல்லாம் சேர்த்துக் கூட்டியிருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம். அதை வாங்கிக்கொண்டால்தான் அப்பாவுக்கு நிம்மதி, அவர் குணம் உங்களுக்குத் தெரியும்.

மாசி மாதம் கோயில் திருவிழாவுக்கு அப்பா உங்களைக் கட்டாயம் வரச் சொன்னார். ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா பஸ் எடுங்கள், சந்தியில் நான் வந்து நிற்பேன். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், கண்டிக் குளிரை நம்பி வர வேண்டாம்.

என்றும் நன்றியுடன்,
கலைச்செல்வி

பி.கு.: கொப்பியின் அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருந்தேன். கீழ் லயத்தில் ஒரு அம்மா விழுந்து படுக்கையில் இருக்கிறார். அவருடைய மகளிடம் கொடுத்து, எப்படிப் புரட்டுவது என்று நேற்று போய்க் காட்டிவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்கு மாத்திரைகளைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமாம், உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா?