சாங்கியமும் பிற இந்தியத் தரிசனங்களும்: இளங்கலை மாணவர்களுக்கான ஒப்பீட்டு அட்டவணை

இளங்கலை மெய்யியல் இரண்டாம் ஆண்டு, இந்திய மெய்யியல் தாள்

ஒன்பது தரிசனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பதற்காக இவ்வட்டவணை தொகுக்கப்பட்டுள்ளது. பாடநூல்கள் பலவும் நியாயத்தையோ உலகாயதத்தையோ முதலில் வைக்க, இங்கே சாங்கியம் முதலிடம் பெறுகிறது. காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் இருந்ததா என்ற வினாவுக்கு 'இருந்தது' என்று தயக்கமின்றி விடையளித்த தரிசனம் அது. ஏனைய தரிசனங்களில் பல, அந்த விடையை மறுத்தோ திருத்தியோ தம் நிலைப்பாட்டைத் தெளிவாக்கிக்கொண்டன. ஆகவே நான்காம் நிரலை முதலில் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, அதன்பின் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாகப் படிப்பது பயன் தரும்.

ஆத்திகம், நாத்திகம் என்னும் பாகுபாடு இங்கு வேதத்தை அளவையாக ஏற்பதையும் மறுப்பதையும் குறிக்கிறதே தவிர, கடவுளை ஏற்பதையும் மறுப்பதையும் குறிக்கவில்லை. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கியத்திலும் பூர்வ மீமாஞ்சையிலும் உலகைப் படைக்கும் கடவுளுக்கு இடமில்லை. இருப்பினும் இரண்டும் ஆத்திகத் தரிசனங்களே. விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் குழப்பம் இதுதான்.

| தரிசனம் | மூலநூலும் ஆசிரியரும் | அளவைகள் | உள்பொருளும் காரண காரியமும் | விடுதலை |
|---|---|---|---|---|
| சாங்கியம் (ஆத்திகம்) | கபிலர் முதலாசிரியர் என்பது மரபு. கிடைப்பவற்றுள் முறையான முதல் நூல் ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை. 6ஆம் நூற்றாண்டில் பரமார்த்தர் அதை உரையோடு சீனத்தில் மொழிபெயர்த்தார். சாங்கிய சூத்திரம் கபிலர் பெயரில் வழங்கினும் மிகப் பிற்பட்டது. | காட்சி, அனுமானம், ஆப்தவாக்கியம் என மூன்று. புலனுக்கு எட்டாத மூலப்பகுதியும் புருடனும் அனுமானத்தாலேயே நிறுவப்படுகின்றன. | அறிவுடைய புருடர் பலர். அறிவற்ற மூலப்பகுதி ஒன்றே. சத்துவம், இராசதம், தாமதம் ஆகிய முக்குணங்களின் சமநிலை குலையும்போது பிற தத்துவங்கள் விரிகின்றன, மொத்தம் 25. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது (சற்காரியவாதம்). தோற்றம் என்பது பரிணாமம். | தான் பகுதியின் வேறு என்னும் விவேக ஞானத்தால் புருடன் தனித்து நிற்கும் கைவல்லியம் கிட்டும். |
| யோகம் (ஆத்திகம்) | பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்கு பாதங்களால் ஆனது. அதற்கு வியாச பாடியம் உரை. | சாங்கியத்தின் மூன்றே. | சாங்கியத் தத்துவங்களை ஏற்று, துன்பமும் வினையும் தீண்டாத சிறப்புடைய புருடனாக ஈசுவரனைச் சேர்க்கிறது. ஈசுவரன் படைப்போன் அல்லன். | சித்த விருத்திகளை எட்டு உறுப்புகளைக் கொண்ட பயிற்சியால் அடக்கிக் கைவல்லியம் அடைதல். |
| நியாயம் (ஆத்திகம்) | கௌதமரின் நியாய சூத்திரம், வாத்சியாயனரின் பாடியம். 14ஆம் நூற்றாண்டில் கங்கேசரின் தத்துவ சிந்தாமணி நவ்விய நியாயத்துக்கு அடித்தளமிட்டது. | காட்சி, அனுமானம், உவமானம், சப்தம் என நான்கு. | அளவை, பிரமேயம் முதலாகப் பதினாறு பதார்த்தங்கள். காரியம் முன்பு இல்லாதது. புதிதாகத் தோன்றுவது (அசற்காரியவாதம், ஆரம்பவாதம்). உலகம் ஒரு காரியம் என்பதால் அதற்குக் கர்த்தா உண்டு என்று ஈசுவரனை அனுமானிப்பர். | பொய்யறிவு நீங்கத் துன்பம் முற்றும் ஒழிதல். |
| வைசேடிகம் (ஆத்திகம்) | கணாதரின் சூத்திரம், பிரசத்தபாதரின் தொகுப்பு. | காட்சி, அனுமானம் என இரண்டு. | திரவியம், குணம், கருமம், சாமானியம், விசேடம், சமவாயம் என ஆறு பதார்த்தங்கள். பின்னர் அபாவம் ஏழாவதாயிற்று. மண், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்கள் நித்தியமானவை. அவை சேர்ந்து உண்டாகும் பொருள் புதியது. | நியாயத்தை ஒத்தது. வீடுபெற்ற ஆன்மாவில் இன்பமும் இல்லை, அறிவும் இல்லை. |
| மீமாஞ்சை (ஆத்திகம்) | சைமினியின் சூத்திரம், சபரரின் பாடியம். குமாரிலர், பிரபாகரர் ஆகியோரின் இரு பிரிவுகள். | பிரபாகரர்க்கு ஐந்து. குமாரிலர்க்கு அபாவம் உட்பட ஆறு. அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகும் என்பது இவர்களின் தனிக்கொள்கை. | வேதம் எவராலும் செய்யப்படாதது. உலகம் உண்மை; ஒட்டுமொத்தப் படைப்பும் அழிவும் இல்லை. வேள்வியின் பயன் 'அபூர்வம்' என்னும் ஆற்றலால் பின்னர் விளைகிறது. | தொடக்கத்தில் துறக்கமே பயன். பிற்கால ஆசிரியர்கள் வீட்டையும் ஏற்றனர். |
| வேதாந்தம் (ஆத்திகம்) | பாதராயணரின் பிரம சூத்திரம். அதற்குச் சங்கரர், இராமானுசர், மத்துவர் ஆகியோர் இயற்றிய பாடியங்கள். | பிற்கால அத்துவைதம் ஆறு கொள்ளும். இராமானுசரும் மத்துவரும் மூன்றே கொள்வர். | சங்கரர்: பிரமம் ஒன்றே மெய், உலகம் அதன் விவர்த்தம். இராமானுசர்: உயிரும் உலகும் பிரமத்தின் உடல்; நுண்ணிலையிலிருந்து பருநிலைக்கு மாறுவது உண்மைப் பரிணாமம். மத்துவர்: இறை, உயிர், சடம் ஆகியவற்றிடையே ஐவகை வேற்றுமை உண்மையானது. | சங்கரர்க்கு ஞானத்தால் கிட்டும் அபேதம்; மற்ற இருவர்க்கும் பக்தியாலும் அருளாலும் கிட்டும் பேறு. |
| சமணம் (நாத்திகம்) | உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம். இருபெரும் பிரிவினரும் ஏற்பது. | நேரறிவு, மறைமுக அறிவு என இருவகை. | சீவன், அசீவன். பொருள் பல தன்மையது (அநேகாந்தம்). ஆதலின் காரியம் ஒருவகையில் முன்பே உள்ளது, ஒருவகையில் இல்லாதது. | நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றால் வினைப்பற்று அற்று உயிர் மேலெழுதல். |
| பௌத்தம் (நாத்திகம்) | திரிபிடகம்; பின்னர் நாகார்ச்சுனரின் மூலமத்தியமக காரிகை, வசுபந்து, திக்நாகர், தருமகீர்த்தி ஆகியோரின் நூல்கள். | திக்நாகர் மரபில் காட்சி, அனுமானம் என இரண்டு. | நிலைத்த ஆன்மா இல்லை. எல்லாம் கணந்தோறும் அழிவன. காரணம் அழியவே காரியம் சார்ந்து தோன்றுகிறது. நாகார்ச்சுனர் எந்தத் தோற்றக் கொள்கையையும் ஏற்கவில்லை. | அவாவும் பேதைமையும் அறும் நிருவாணம். |
| உலகாயதம் (நாத்திகம்) | பிருகற்பதி முதலாசிரியர் என்பர். அவர் சூத்திரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. எதிரிகளின் மேற்கோள்கள் வழியே அறிகிறோம். | காட்சி ஒன்றே. | நான்கு பூதங்களின் சேர்க்கையில் உணர்வு தோன்றும்; உடல் அழிய அதுவும் அழியும். நிகழ்வுகளுக்கு அவற்றின் இயல்பே காரணம். | மறுபிறவியே இல்லை என்பதால் வீடும் இல்லை. |

25 தத்துவங்களின் வரிசை. மூலப்பகுதியிலிருந்து மான் எனப்படும் புத்தியும், அதிலிருந்து அகங்காரமும் தோன்றும். அகங்காரத்தின் சத்துவக் கூற்றிலிருந்து மனமும் ஐந்து ஞானேந்திரியங்களும் ஐந்து கன்மேந்திரியங்களும், தாமதக் கூற்றிலிருந்து ஐந்து தன்மாத்திரைகளும் வருகின்றன; இராசதம் இரு பக்கத்தையும் இயக்குகிறது. தன்மாத்திரைகளிலிருந்து ஐம்பூதங்கள் தோன்றும். இவ்வாறு விரிந்த 24க்குப் புறம்பே நிற்கும் புருடன் 25ஆவது.

காரிகையின் மூன்றாம் செய்யுள் இவற்றை நான்காக வகுக்கிறது. மூலப்பகுதி வேறொன்றிலிருந்து தோன்றாததால் பகுதி மட்டுமே. மான், அகங்காரம், தன்மாத்திரைகள் ஐந்து ஆகிய ஏழும் பகுதியாகவும் விகுதியாகவும் நிற்பன. மனம், இந்திரியங்கள், பூதங்கள் ஆகிய பதினாறும் விகுதி மட்டுமே. புருடன் இரண்டும் அல்லன். தமிழில் இதைப் படிக்க விரும்புவோர் 'சுவைஒளி ஊறோசை நாற்றமென ஐந்தின் வகைதெரிவான் கட்டே உலகு' என்னும் 27ஆம் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையைக் காண்க. இதே நால்வகைப் பாகுபாட்டைச் சாங்கிய நூலில் ஓதியவாறு என்று குறிப்பிட்டே அவர் விளக்குகிறார். வடமொழிக் காரிகையைத் தொடாமலே அதன் சாரத்தை அறிய இதைவிடச் சுருக்கமான வாயில் தமிழில் இல்லை என்பது என் கருத்து.

சற்காரியவாதத்துக்கான ஐந்து ஏதுக்கள் (காரிகை 9). இல்லாததை எவராலும் உண்டாக்க இயலாது. தயிர் வேண்டுவோர் பாலையே தேடுகின்றனர், நீரைத் தேடுவதில்லை. எல்லாவற்றிலிருந்தும் எல்லாம் தோன்றுவதில்லை. ஆற்றலுடைய காரணம் தன் ஆற்றலுக்கு உட்பட்டதையே தரும். காரியம் காரணத்தின் இயல்பையே உடையது. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் அன்றாட அனுபவத்தைச் சார்ந்தவை ஆதலால் எளிதில் மனத்தில் பதியும். வாதத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது முதல் ஏதுவே.

நியாய வாதியின் மறுப்பு எளிதில் தள்ளத் தக்கதன்று. குடம் மண்ணிலேயே இருந்தால் குயவன் எதற்கு, அந்த மண்ணில் ஏன் நீர் முகக்க முடியவில்லை என்று அவர் கேட்பார். மறைந்திருந்த குடத்தைக் குயவன் வெளிப்படுத்துகிறான் என்று சாங்கியர் விடை கூறினால், அந்த வெளிப்பாடு முன்பு இருந்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி. இருந்ததெனில் குயவனின் உழைப்பு வீண். இல்லையெனில் இல்லாதது ஒன்று தோன்றியதாகச் சாங்கியரே ஒப்புக்கொண்டதாகும். தேர்வில் சற்காரியவாதத்தை எழுதுவோர் இந்த மறுப்பையும் சேர்த்து எழுதினாலன்றி விடை முழுமை பெறாது.

புருடனும் பகுதியும் எவ்வாறு தொடர்புறுகின்றன? சாங்கியத்தின் மிக நலிந்த இடம் இதுவே. புருடன் செயலற்றவன், பகுதி அறிவற்றது. அவ்வாறெனில் படைப்பு எப்படித் தொடங்குகிறது? பார்வையற்றவனின் தோளில் முடவன் ஏறி இருவரும் வழி நடப்பதைக் காரிகை 21ஆம் செய்யுளில் உவமை காட்டும்; கன்றின் பொருட்டு அறிவற்ற பால் சுரப்பதை 57ஆம் செய்யுள் காட்டும். சங்கரர் பிரம சூத்திர உரையின் இரண்டாம் இயலில் இரண்டையும் மறுக்கிறார். முடவனால் வாய் திறந்து வழி சொல்லவாவது முடியும், செயலே இல்லாத புருடனால் அதுவும் முடியாது; பால் சுரப்பதும் அறிவுடைய பசு தன் கன்றின்மேல் கொண்ட அன்பால்தான் என்பது அவர் வாதம். இதற்குச் சாங்கியர் தரும் விடை வேறு திசையில் செல்கிறது: கட்டுண்பதும் பிறப்பதும் விடுபடுவதும் பகுதியே அன்றிப் புருடன் அல்லன் என்று 62ஆம் செய்யுள் கூறிவிடுகிறது. அவ்வாறாயின் விடுதலை யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. பயிலரங்கில் விவாதிக்க ஏற்ற தலைப்பு அது.

தமிழ் மூலங்கள். மணிமேகலையின் 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை', வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்பதாக அமைந்தது. சாங்கியரும் வைசேடிகரும் பூதவாதியும் அங்கு அடுத்தடுத்துப் பேசுகின்றனர். அக்காதையின் சாங்கியப் பகுதியில் பூதங்கள் தோன்றும் முறை காரிகையின் முறையோடு முற்றும் ஒத்துப்போவதில்லை; இரண்டையும் ஒன்றென எழுதிவிட வேண்டாம். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தபோது மதுவின் களிப்புப் பிறப்பதுபோல், பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்று பூதவாதி கூறுவது, அட்டவணையின் கடைசி வரிசைக்குத் தமிழில் கிடைக்கும் நேரடிச் சான்று. அதே காதையின் தொடக்கத்தில் வேதவியாதன், கிருதகோடி, சைமினி ஆகிய மூவரும் முறையே பத்து, எட்டு, ஆறு அளவைகளைக் கொண்டனர் என்ற செய்தியும் வருகிறது. அளவைகளின் நிரலை ஒன்று முதல் ஆறு வரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், அதனினும் நீண்ட பட்டியல்கள் வழக்கில் இருந்தன என்பதை இங்கிருந்து குறித்துக்கொள்ளலாம்.